சிகரெட்டை விட்டபின் ஏறும் எடை: முதல் 12 வாரங்களில் என்ன சாப்பிடுவது, எதைத் தள்ளிப்போடுவது

கேள்வி: வயது 34, உயரம் 172 செ.மீ. பல வருடமாக ஒரு நாளைக்கு 15 சிகரெட் பிடித்தேன். விட்டு 5 வாரம் ஆகிறது. அப்போது 74 கிலோ, இப்போது 76. வாரத்தில் 4 நாள் ஜிம்முக்குப் போகிறேன், 70-க்கு இறங்குவதுதான் இலக்கு. சாப்பாட்டை இப்போதே கடுமையாகக் குறைத்துவிடலாமா? இல்லையென்றால் என்னதான் செய்வது?

இப்போது குறைக்க வேண்டாம். அடுத்த ஏழு எட்டு வாரங்களுக்கு 76-ஐத் தாண்டாமல் நிறுத்திப் பிடிப்பதை மட்டும் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். 70 கிலோ என்ற இலக்கை விட்ட நாளிலிருந்து 12 வாரம் முடிந்தபின் கையில் எடுங்கள். நான் உணவியல் ஆலோசகர். புகையை விட முயல்பவர்களோடு நெடுநாளாக வேலை செய்து வருகிறேன். நீங்கள் கேட்டிருப்பதைத்தான் அவர்களில் பெரும்பாலோர் நான்காவது ஐந்தாவது வாரத்தில் கேட்கிறார்கள். ஏனென்றால் எடை மிக வேகமாக ஏறும் காலமும் அதுதான், உறுதி தளரும் காலமும் அதுதான்.

முதலில் உங்கள் 2 கிலோ இயல்பான அளவுதானா என்று பார்ப்போம். மருந்து உதவி இல்லாமல் விட்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, சராசரி எடை கூடுதல் முதல் மாத முடிவில் 1.1 கிலோ, இரண்டாம் மாத முடிவில் 2.3 கிலோ, மூன்றாம் மாத முடிவில் 2.9 கிலோ, ஓராண்டு முடிவில் 4.7 கிலோ. அதாவது ஓராண்டில் ஏறுவதில் பாதிக்கு மேல் முதல் மூன்று மாதங்களிலேயே ஏறிவிடுகிறது. பிறகு வேகம் குறைகிறது. நீங்கள் சராசரிக்குச் சற்று மேலே இருக்கிறீர்கள், அவ்வளவுதான். அதே தொகுப்பில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் எடை குறைந்திருந்தார், எட்டில் ஒருவர் 10 கிலோவுக்கு மேல் ஏறியிருந்தார். ஆகவே சராசரி எண் உங்கள் விதியைச் சொல்வதில்லை; எந்த மாதங்களில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது.

அடுத்து, அந்த 2 கிலோ எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பார்க்கலாம். ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்பது தோராயமாகப் பயன்படும் எண். 2 கிலோவும் கொழுப்பு என்றால் 35 நாட்களில் நாளொன்றுக்கு 440 கலோரி கூடுதலாகச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் அது முழுவதும் கொழுப்பாக இருக்க வாய்ப்பில்லை. புகையை விட்ட முதல் வாரங்களில் மலச்சிக்கல் பலருக்கு வருகிறது. இனிப்பும் மாவுப்பொருளும் கூடும்போது தசையிலும் கல்லீரலிலும் சேமிப்புச் சர்க்கரை கூடி, அதோடு நீரும் தங்குகிறது. இவற்றுக்கு 700 கிராம் ஒதுக்கினால் மிச்சம் 1.3 கிலோ, நாளுக்கு ஏறக்குறைய 290 கலோரி. இந்த 700 கிராம் என் மதிப்பீடுதான், உங்கள் உடலில் அளந்த எண் அல்ல. இருந்தாலும் நீங்கள் சமாளிக்க வேண்டிய தொகை முந்நூறை ஒட்டியதே தவிர ஆயிரம் அல்ல என்பதைக் காட்ட இது போதும்.

அந்த முந்நூறில் ஒரு பகுதிக்கு உங்கள் வாய் பொறுப்பல்ல. நிகோட்டின் இதயத்துடிப்பையும் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலையும் உயர்த்தி வைக்கிறது. 1986-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், மூடிய அளவீட்டு அறையில் ஒரே ஆட்களை 24 சிகரெட் பிடித்த நாளிலும் பிடிக்காத நாளிலும் அளந்தபோது, பிடித்த நாளில் ஆற்றல் செலவு ஏறத்தாழ 10 சதவீதம், சுமார் 200 கலோரி, கூடுதலாக இருந்தது. உங்கள் 15 சிகரெட்டுக்கு அது 100 முதல் 150 வரை இருக்கலாம். மிச்சமுள்ள 150 சொச்சம்தான் தட்டிலிருந்தும் கோப்பையிலிருந்தும் வருகிறது. பசியை அடக்கும் மூளை நரம்பணுக்களை நிகோட்டின் தூண்டுவது எலிகளில் காட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தூண்டுதல் நின்றதும் பசி கூடுகிறது. எரிச்சல், பதற்றம், கவனச்சிதறல் போன்றவை பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிட, இந்தப் பசி மட்டும் பத்து வாரத்தையும் தாண்டி நீடிப்பதுண்டு. 12 வாரம் என்று நான் கெடு வைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

பசியைவிட நான் அதிகம் கவனிக்கும் இன்னொன்று உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகு பிடித்த சிகரெட், அந்த வேளைக்கு ஒரு முற்றுப்புள்ளியாக இருந்தது. அதைப் பற்ற வைத்ததும் தட்டை விட்டு எழுந்தீர்கள், வெளியே போனீர்கள், நாக்கின் சுவை மாறியது, உண்ணும் வேலை முடிந்தது. இப்போது அது இல்லாததால் சாப்பாடு முடிவதே இல்லை: இன்னொரு கரண்டி, பிறகு கொஞ்சம் இனிப்பு, பிறகு ஏதோ ஒன்று. என்னிடம் வருபவர்களை ஒரு தாளில் பழைய சிகரெட் ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதி, அது என்ன வேலை செய்தது என்று பக்கத்தில் குறிக்கச் சொல்வேன். நாளுக்கு 15 என்றால் வழக்கமாக மூன்று நான்கு சாப்பாட்டை முடிப்பதற்கு, மூன்று காபி அல்லது தேநீரோடு, நான்கைந்து வேலையிலிருந்து ஐந்து நிமிடம் எழுந்து வருவதற்கு, மீதி சலிப்புக்கும் கோபத்துக்கும் என்று பிரியும். இந்தப் பதினைந்தில் எத்தனை இடத்தில் இப்போது உணவு உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நடுத்தர அளவு இனிப்பு பிஸ்கட் இரண்டு என்றால் 120 கலோரிக்கு மேல். இரண்டு தேக்கரண்டி சர்க்கரை போட்ட ஒரு கூடுதல் பால் காபி 80 முதல் 100. இரண்டும் சேர்ந்தாலே நாம் தேடிய அந்த 150 தாண்டிவிட்டது. இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்குச் சாப்பாட்டைப் பாதியாக்கத் தேவையில்லை.

இடைவேளைக்காகப் பிடித்த சிகரெட்டின் இடத்தில் உணவை வைக்காதீர்கள். அங்கே இடைவேளையையே வையுங்கள். ஐந்து நிமிடம் எழுந்து நடப்பது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. குறுகிய நேர நடைகூடப் புகைக்கும் வேட்கையை அந்த நேரத்துக்குத் தணிப்பது பல சோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. சாப்பாட்டை முடித்த சிகரெட்டுக்கு வேறொரு முடிவு வேண்டும்: எழுந்து பல் துலக்குவது நான் கண்டவரை நன்றாக வேலை செய்கிறது, ஏனெனில் அதுவும் இடத்தையும் நாக்கின் சுவையையும் ஒருசேர மாற்றுகிறது. வாய்க்கும் கைக்கும் ஏதாவது வேண்டும் என்ற நேரங்களுக்குச் சர்க்கரையில்லாத சூயிங்கம், நீளவாக்கில் நறுக்கிய கேரட், வெள்ளரி போன்றவை போதும். கொட்டை வகைகள் ஆரோக்கியமானவை என்று இந்த வேலைக்குப் பயன்படுத்துபவர்கள் அதிகம். 30 கிராம் என்ற சிறு கைப்பிடியே 170 கலோரிக்கு மேல் வருவதால், அதை அளந்து ஒரு வேளைச் சிற்றுண்டியாகச் சாப்பிடலாமே ஒழிய கொறிப்பதற்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

வந்திருப்பது பசியா வேட்கையா என்ற குழப்பம் இந்த வாரங்களில் இயல்பு. வேட்கை ஒரு காட்சியையோ நேரத்தையோ பிடித்துக்கொண்டு திடீரென்று வந்து, சில நிமிடங்களில் உச்சம் தொட்டு இறங்கும். பசி மெல்ல ஏறும். தள்ளிப்போட்டால் இன்னும் கூடும். உப்பில்லாத அவித்த முட்டை ஒன்றை நீட்டினால் சாப்பிடுவேனா என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிடுவேன் என்றால் அது பசி, சாப்பிட்டுவிடுங்கள். இனிப்போ மொறுமொறுப்பான பண்டமோதான் வேண்டும் என்றால் பத்து நிமிடம் கடிகாரத்தைப் பாருங்கள்.

இனி அன்றாட உணவு. உங்கள் உயரம், வயது, எடை, நான்கு நாள் பயிற்சி ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் எடையை நிலைநிறுத்த நாளுக்குச் சுமார் 2,400 கலோரி என்று தொடங்கலாம். இத்தகைய சூத்திரங்கள் ஒரு தனி மனிதருக்கு இருநூறு முந்நூறு கலோரி வரை பிசகக்கூடியவை என்பதால், இரண்டு வார எடையைப் பார்த்தே இறுதி செய்ய வேண்டும். எல்லாக் கலோரியையும் எண்ணிக்கொண்டிருக்க நான் சொல்வதில்லை. இந்தக் காலத்தில் எண்ண வேண்டியது புரதம் ஒன்றைத்தான். எடைப்பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பயன் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களுக்கு அது சுமார் 120 கிராம். இதை நான்கு வேளையாக, வேளைக்கு 30 கிராம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழியிறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 30, ஒரு கோப்பை வெந்த பருப்பு அல்லது பயறில் 15 முதல் 18, ஒரு கோப்பை தயிரில் 7 அல்லது 8 என்று நினைவில் வைத்தால் போதும். காலை உணவில் இந்த 30 கிராமை விட்டுவிடுபவர்கள்தான் மாலையில் பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறார்கள் என்பது என் அனுபவம்; ஒரு சிகரெட்டும் காபியும்தான் முன்பு பலருக்குக் காலை உணவாக இருந்தது, சிகரெட் போனபின் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. மதியமும் இரவும் தட்டில் பாதியைக் காய்கறிக்குக் கொடுங்கள். நார்ச்சத்து நாளுக்கு 25 முதல் 30 கிராம் வரை வந்து, தண்ணீரும் போதுமானதாக இருந்தால், நான் மேலே சொன்ன மலச்சிக்கலும் தளர்கிறது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாவுப்பொருளை வெட்டாதீர்கள். அதை வெட்டினால் பயிற்சி சோர்ந்து, அன்றிரவு பசி இரட்டிப்பாகும்.

பலர் அறியாத ஒன்று காபி விஷயம். சிகரெட் புகையில் உள்ள சில சேர்மங்கள், காஃபினை உடைக்கும் கல்லீரல் நொதியை வேகப்படுத்தி வைத்திருக்கும். புகை நின்ற சில நாட்களில் அந்த வேகம் இறங்கிவிடுகிறது. அதே எண்ணிக்கையில் காபி குடித்தாலும் இரத்தத்தில் காஃபின் முன்பைவிட இரு மடங்கு வரை, சிலருக்கு அதற்கும் மேல், நிற்கிறது. இதற்குக் காரணம் புகைதான், நிகோட்டின் அல்ல என்பதால், நிகோட்டின் சூயிங்கமோ தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையோ பயன்படுத்துபவர்களுக்கும் இது நேரும். படபடப்பு, கை நடுக்கம், இரவில் தூக்கமின்மை எல்லாம் வர, புகையை விட்டவர் அதைச் சிகரெட் விட்டதன் பாடு என்று நினைத்துக்கொள்கிறார். தூக்கம் கெட்டால் மறுநாள் பசி கூடும், பயிற்சி தொய்யும். ஆகவே காபி, தேநீர், பயிற்சிக்கு முன் எடுக்கும் காஃபின் பொடி ஆகியவற்றின் மொத்தத்தைப் பாதியாக்கி, கடைசிக் கோப்பையை நண்பகலோடு நிறுத்திப் பாருங்கள். இந்த ஒரு மாற்றத்தின் பலனை ஒரு வாரத்தில் தூக்கத்திலேயே உணரலாம். கூடவே சர்க்கரையும் பாலும் குறைகிறது.

நிகோட்டின் சூயிங்கம், பட்டை, மருத்துவர் எழுதித் தரும் புப்ரோபியான் அல்லது வரெனிக்லின் ஆகியவை எடை ஏறுவதைச் சிகிச்சை நடக்கும் காலத்தில் ஓரளவு மட்டுப்படுத்துகின்றன. நிறுத்தியபின் அந்தப் பலன் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது என்பதால் எடைக்காக மட்டும் அவற்றை நாட நான் சொல்ல மாட்டேன். விட்டது நிலைக்க உதவுகின்றன என்பதே அவற்றை எடுக்கக் காரணம். சூயிங்கம் பயன்படுத்தினால் ஒரு நுணுக்கம்: காபி, பழச்சாறு, குளிர்பானம் குடித்து 15 நிமிடம் கழித்தே அதை வாயில் போட வேண்டும், ஏனெனில் அவற்றின் அமிலம் நிகோட்டின் வாய்ச்சவ்வில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அதைத் தொடர்ந்து மெல்லவும் கூடாது. காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனபின் மீண்டும் மெல்ல வேண்டும். மென்று விழுங்குபவர்களுக்கு விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம்.

பயிற்சியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை அடைத்திருந்த கார்பன் மோனாக்சைடு ஓரிரு நாளில் வெளியேறிவிடுகிறது, ஓய்வு நிலை இதயத்துடிப்பும் இறங்குகிறது. அதே வேகத்தில் ஓடினால் துடிப்பு முன்பைவிடக் குறைவாகக் காட்டும். துடிப்பை வைத்துக் கலோரி கணக்கிடும் கைக்கடிகாரம் வைத்திருந்தால், பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிடாதீர்கள். பயிற்சி குறைந்துவிட்டது என்று தவறாக எண்ணவும் வேண்டாம், அது காட்டும் எண்ணை நம்பி அதற்கு ஈடாகச் சாப்பிடவும் வேண்டாம். ஐந்து வாரத்தில் உங்கள் மூச்சு தாக்குப்பிடிப்பது நிச்சயம் கூடியிருக்கும். கூடுதல் நாட்களைச் சேர்ப்பதைவிட, இருக்கும் நான்கு நாளில் பளுவைப் படிப்படியாகக் கூட்டுவது நல்லது. விட்டபின் ஏறும் எடையில் ஒரு பங்கு தசையாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அந்தப் பங்கைப் பெரிதாக்கும் வழி பளுவும் புரதமும்தான்.

உணவைக் கடுமையாகக் குறைப்பது புகைக்கு மீண்டும் தள்ளிவிடுமா என்பதில் சான்றுகள் ஒருமுகமாக இல்லை. 1990-களில் நடந்த ஒரு சோதனையில், எடைக் கட்டுப்பாட்டையும் சேர்த்துச் செய்தவர்கள் புகையை விட்டு நிலைப்பதில் பின்தங்கினார்கள். வேறு சில சோதனைகளில் கெடுதல் ஒன்றும் காணப்படவில்லை, மிகக் குறைந்த கலோரி உணவைக் கண்காணிப்போடு சேர்த்தபோது பலன் கூடிய ஆய்வும் உண்டு. ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவே கூடாது என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. நான் வேண்டாம் என்பதற்குக் காரணம், மேற்பார்வை இல்லாமல் தனியாகப் பட்டினி கிடப்பவர் மாலை ஆறு மணிக்குப் பசியும் வேட்கையும் ஒன்றாக வரும்போது எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை அடிக்கடி பார்த்திருப்பதுதான். இங்கே எது பெரிய ஆபத்து என்பதில் மட்டும் ஐயமில்லை. அமெரிக்காவில் ஏராளமானோரைப் பல்லாண்டு தொடர்ந்து 2018-இல் வெளியான ஆய்வில், விட்டபின் எடை அதிகம் ஏறியவர்களுக்குச் சில ஆண்டுகள் நீரிழிவு அபாயம் கூடியிருந்தது. ஆனால் 10 கிலோவுக்கு மேல் ஏறியவர்களும்கூட, தொடர்ந்து புகைத்தவர்களைவிடக் குறைந்த இறப்பு அபாயத்தோடுதான் இருந்தார்கள். அந்த நீரிழிவு அபாயம் ஏறிய எடையின் அளவைப் பொறுத்தே இருந்ததால், எடையை அலட்சியப்படுத்தவும் முடியாது.

அளவிடும் முறை எளிது. காலையில் கழிவறை போய்வந்தபின் வாரத்தில் மூன்று நாளாவது எடை பார்த்து, அவற்றின் சராசரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுங்கள். எடை ஏறி, இடுப்பு அப்படியே இருந்து, தூக்கும் பளுவும் கூடியிருந்தால் உணவை மாற்ற வேண்டாம். வாரச் சராசரி தொடர்ந்து மூன்று வாரம் 300 கிராமுக்கு மேல் ஏறி, இடுப்பும் கூடினால், மீண்டும் அந்தப் பதினைந்து சிகரெட் தாளை எடுங்கள். பெரும்பாலும் புதிதாக ஒரு கோப்பையோ ஒரு கொறிப்போ நுழைந்திருக்கும். மது அருந்துபவரென்றால் அதை முதலில் பாருங்கள்: கிராமுக்கு 7 கலோரி என்பதோடு, விட்டவர் மீண்டும் பற்ற வைக்கும் இடங்களில் அது முக்கியமானது.

எழுத்தில் பதில் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. நீங்கள் நீரிழிவு மருந்தோ இன்சுலினோ, வார்ஃபரினோ, ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலினோ, மனநலத்துக்குக் குளோசபைன், ஒலான்சபைன் போன்றவற்றையோ எடுப்பவரானால், புகையை விட்டதையே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இவற்றின் அளவை மாற்ற வேண்டி வரலாம். முன்பு உண்ணும் கோளாறு இருந்திருந்தால் மேலே சொன்ன எடைக் குறிப்பு, கணக்கு எதையும் தனியாகச் செய்யாதீர்கள்.

12-ஆவது வாரத்தில் எடை 76-ஐ ஒட்டி நின்று, வேட்கை வாரத்தில் ஓரிரு முறைக்கு இறங்கியிருந்தால், அப்போது நாளுக்கு 300 கலோரி மட்டும் குறையுங்கள். புரதத்தைத் தொடாமல், எண்ணெயிலும் மாவுப்பொருளிலும் பாதிப் பாதியாக. வாரத்துக்கு 250 கிராம் போல இறங்கினால் 6 கிலோவுக்கு ஆறு மாதம் ஆகும், நடுவில் ஒரு தேக்கமும் வரும். குறைக்கத் தொடங்கியபின் சிகரெட் நினைப்பு மீண்டும் தலைதூக்கினால், இரண்டு வாரத்துக்கு 2,400-க்கே திரும்பி, அடங்கியபின் மீண்டும் இறங்குங்கள்.